வே பவுடரைப் பாலில் கலக்கலாமா, தண்ணீரில் கலக்கலாமா? ஒரே வீட்டில் இரண்டு பதில்

காரைக்குடியில் காலை ஐந்தரை மணிக்கு ஜிம் திறக்கிற வேலை எனக்கு. பத்து வருடமாக இதே வேலைதான். கேட்கிற கேள்விகளில் பாதி தூக்குகிற எடையைப் பற்றி இருக்கும், மீதிப் பாதி டப்பாவைப் பற்றி. டப்பா என்றால் வே புரோட்டீன் டப்பா. அதில் அடிக்கடி வருவது, "மாஸ்டர், இதைப் பால்ல போடவா, தண்ணியில போடவா?"

ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் போன வருடம் கோட்டையூரிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவருக்கு அப்படிச் சொல்லித்தான் தப்பு செய்தேன். இருவருக்கும் ஒரே டப்பா, ஒரே அடுப்படி, ஒரே அப்பத்தா. அண்ணனுக்கு 31 வயது, 86 கிலோ, எடை குறைய வேண்டும். நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து செய்கிற வியாபாரம். தம்பிக்கு 19 வயது, 52 கிலோ, எடை ஏற வேண்டும். கல்லூரியில் படிக்கிறான். அண்ணன் பாலில் கலந்து குடித்துக்கொண்டிருந்தார். தம்பி தண்ணீரில் கலந்து குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் இருவர் எடையும் நகரவே இல்லை.

என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போனேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டி அடுப்படி. அங்கே அப்பத்தா எருமைப் பாலைச் சின்னத் தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தார். கரண்டியில் ஆடை ஒட்டுகிற அளவுக்குச் சுண்டியிருந்தது. "தண்ணியில கரைச்சுக் குடிச்சா மருந்து மாதிரில்ல இருக்கு. பால்ல கலக்குனாத்தானே தம்பி உடம்புல ஒட்டும்?" என்றார் என்னிடம். அவர் சொன்னதில் உண்மை உண்டு, பாலில் கலந்தால் உடம்பில் ஒட்டத்தான் செய்யும். மூத்த பேரனுக்கு அது ஒட்டக் கூடாது என்பதுதான் சிக்கல்.

முதலில் டப்பாவுக்குள் இருப்பதைப் பார்ப்போம். அவர்கள் வைத்திருந்தது சாக்லேட் வாசனை போட்ட சாதாரண வே கான்சென்ட்ரேட். ஒரு ஸ்கூப் 31 கிராம், அதில் புரதம் 24 கிராம், கலோரி 120 என்று லேபிளில் போட்டிருந்தது. நல்ல பவுடர் எல்லாமே இதையொட்டித்தான் இருக்கும். தண்ணீரில் கலோரியும் இல்லை, புரதமும் இல்லை. ஆகவே தண்ணீரில் கலந்தால் லேபிளில் உள்ளதுதான் உங்கள் கணக்கு: 120 கலோரி, 24 கிராம் புரதம். கால் லிட்டர் ஊற்றினாலும் அரை லிட்டர் ஊற்றினாலும் இது மாறாது.

பாலில் கலந்தால் அந்தப் பாலின் கணக்கையும் சேர்க்க வேண்டும். பால் என்றதும் எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்கள், அங்கேதான் கோளாறு. கடையில் விற்கிற பாக்கெட்டுகளில் கொழுப்பு 1.5 சதவீதத்திலிருந்து 6 சதவீதம் வரை போகிறது. இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5, சமன்படுத்திய பாலில் 3, நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறை கொழுப்புப் பாலில் 6. நம்மூரில் ஆவின் பாக்கெட்டின் நிறத்தை வைத்துச் சொல்வோம்: நீலம் என்றால் 3, பச்சை என்றால் 4.5, ஆரஞ்சு என்றால் 6.

கொழுப்பு இப்படி நான்கு மடங்கு ஏறினாலும் புரதம் ஏறுவதில்லை. எந்த பாக்கெட்டை வெட்டி ஊற்றினாலும் கால் லிட்டருக்கு ஏறக்குறைய 8 கிராம்தான். கெட்டியான பாலில் சத்து அதிகம், அதனால் புரதமும் அதிகம் என்று நினைத்து ஆரஞ்சு பாக்கெட் வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கெட்டி கொழுப்பினால் வருவது. ருசி வேண்டும், கலோரி வேண்டும் என்றால் வாங்கலாம். புரதத்துக்காக வாங்கினால் அதற்கு அர்த்தம் இல்லை.

ஒரு ஸ்கூப்பும் கால் லிட்டரும் சேர்ந்தால் வருகிற கணக்கு இது. எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கித் தருகிறேன்.

| எதில் கலந்தது | கலோரி | புரதம் |
|---|---|---|
| தண்ணீர் | 120 | 24 கிராம் |
| இருமுறை சமன்படுத்திய பால் (1.5%) | 240 | 32 கிராம் |
| சமன்படுத்திய பால் (3%) | 270 | 32 கிராம் |
| நிலைப்படுத்திய பால் (4.5%) | 305 | 32 கிராம் |
| நிறை கொழுப்புப் பால் (6%) | 345 | 32 கிராம் |

வலது பக்கத்தை மேலிருந்து கீழே பாருங்கள். பாலுக்குப் போனதும் 8 கிராம் ஏறுகிறது, அப்புறம் அசையவில்லை. நடுப்பக்கம் ஏறிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரோடு ஒப்பிட்டால் அந்த 8 கிராம் புரதத்துக்கு 1.5 சதவீதப் பாலில் 120 கலோரி கொடுக்கிறோம், ஆரஞ்சு பாக்கெட்டில் 225 கலோரி கொடுக்கிறோம்.

பாக்கெட் இல்லாமல் வீட்டுக் கறவையோ பால்காரரோ என்றால் இந்தப் பட்டியல் உதவாது. அதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. பால் சங்கத்தில் ஊற்றுகிறவர்களுக்குத் தருகிற சீட்டில் கொழுப்பு, எஸ்.என்.எஃப் என்று இரண்டு எண் இருக்கும். எஸ்.என்.எஃப் என்பது கொழுப்பு போக மிச்சமுள்ள திடப்பொருள்: புரதம், பால் சர்க்கரை, கொஞ்சம் தாது உப்பு. கொழுப்பை 9ஆல் பெருக்குங்கள். எஸ்.என்.எஃப்பிலிருந்து தாது உப்புக்கு 0.7 கழித்து, மிச்சத்தை 4ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் 100 கிராம் பாலின் கலோரி கிடைத்துவிடும். கொழுப்பு 3, எஸ்.என்.எஃப் 8.5 என்றால் 27ம் 31ம் சேர்ந்து 58. புரதம் வேண்டுமென்றால் எஸ்.என்.எஃப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டுக்குப் பால் தருகிறவர் மிச்சப் பாலைச் சங்கத்தில்தான் ஊற்றுகிறார். சீட்டைக் கேட்டு வாங்கினோம். கொழுப்பு 7, எஸ்.என்.எஃப் 9. கணக்குப் போட்டால் 100 கிராமுக்கு 96 கலோரி, நீல பாக்கெட்டைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இப்போது அண்ணனின் டம்ளருக்கு வருவோம். அந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நிரப்பி, அளவு போட்ட ஷேக்கரில் ஊற்றிப் பார்த்தோம். 300 மில்லி. அவர் மனதில் அது "ஒரு டம்ளர், கால் லிட்டர் இருக்கும்" என்றுதான் இருந்தது. அந்த 300 மில்லி எருமைப் பால் சும்மாவே ஏறக்குறைய 300 கலோரி. ஆனால் அப்பத்தா அதைச் சும்மா விடுவதில்லையே. ஒரு லிட்டரை வைத்தால் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிற வரை சுண்டவைப்பார். தண்ணீர்தான் ஆவியாகிறது, கொழுப்பும் சர்க்கரையும் புரதமும் பாத்திரத்திலேயே நிற்கின்றன. ஐந்து பங்கு நான்கு பங்காகச் சுண்டினால் ஒவ்வொரு டம்ளரிலும் எல்லாமே கால் பங்கு கூடும். 300 என்பது 370 ஆகிவிட்டது. அதில் இரண்டு ஸ்பூன் சீனி, அது 40. பவுடர் 120. ஆக மொத்தம் 530 கலோரி, புரதம் 38 கிராம்.

தண்ணீரில் கலந்திருந்தால் 120 கலோரி, 24 கிராம். வித்தியாசம் 410 கலோரி, 14 கிராம் புரதம்.

அண்ணன் சும்மா இருந்தவர் இல்லை. இரவில் இரண்டு தோசையைக் குறைத்திருந்தார், மதியச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்திருந்தார். இரண்டும் சேர்ந்தால் எண்ணெயோடு கிட்டத்தட்ட 400 கலோரி. இரவில் பசியோடு படுத்து மிச்சம் பிடித்த அந்த 400ஐக் காலை ஏழு மணிக்கு ஒரே டம்ளரில் திருப்பிக் குடித்துக்கொண்டிருந்தார். எடை அசையாததற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. தைராய்டு பார்க்கணுமா என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர், நான் இந்தக் கணக்கை எழுதிக் காட்டிய துண்டுத்தாளைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இவருக்குத் தண்ணீர்தான் என்று முடிவு செய்தோம். ஆனால் 14 கிராம் புரதம் போகிறதே, அதற்கு என்ன வழி? எடை குறைக்கிறபோது தசை கரையாமல் இருக்கப் புரதம் தேவை. பயிற்சி செய்கிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை சொல்வார்கள். எடை கூடுதலாக இருப்பவருக்கு இப்போதைய எடையை வைக்காமல் போய்ச் சேர வேண்டிய எடையை வைத்துக் கணக்கிடுவது என் வழக்கம். 75 கிலோ என்று வைத்தால் நாளைக்கு 120 கிராம். இட்லியும் சோறும் சாம்பாருமாகச் சாப்பிடுகிறவருக்கு அது எளிதில் எட்டுகிற எண் இல்லை, 14 கிராமை விட்டுவிட முடியாது. அதனால் தண்ணீரில் கலந்த ஷேக்குடன் அவித்த முட்டை இரண்டு. முட்டையில் 12 கிராம் புரதம், கலோரி 150. வெள்ளி, செவ்வாய், கார்த்திகை என்று அந்த வீட்டில் முட்டை உள்ளே வராத நாட்கள் உண்டு. அன்றைக்கு ஒன்றரை ஸ்கூப் போட்டுக்கொள்வார். கூடுகிற அரை ஸ்கூப்பில் அதே 12 கிராம் புரதம், வெறும் 60 கலோரிக்கு.

ஸ்கூப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஸ்கூப்பைக் குவித்துத்தான் எடுப்பார். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம், 38 கிராம். லேபிளில் சொன்னது 31. அதாவது ஐந்து ஸ்கூப் போட்டால் ஆறு ஸ்கூப் பவுடர் தீர்கிறது. டப்பா சீக்கிரம் காலியாகிறது என்கிற புகார் பல வீடுகளில் இப்படி வருவதுதான். கத்தியின் பின்புறத்தால் வழித்துவிட்டு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு கை பழகிவிடும்.

தண்ணீருக்கு மாறிய முதல் வாரம் சரிப்படவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் தண்ணீர்ப் பக்கத்துக்கு நான் அதிகமாகப் பேசியதாகிவிடும். வே தண்ணீரில் கலந்தால் வயிற்றில் அதிக நேரம் நிற்காது. பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், ஒரு பங்குதான் வே. கேசீன் வயிற்று அமிலம் பட்டதும் தயிர்க்கட்டி போலத் திரண்டு மெதுவாக இறங்கும். 1997இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இரண்டையும் தனித்தனியாகக் குடிக்கக் கொடுத்து இரத்தத்தைப் பார்த்தார்கள். வே குடித்தால் அமினோ அமிலம் சட்டென்று ஏறி நாலு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டது. கேசீன் குடித்தால் மெதுவாக ஏறி, ஏழு மணி நேரம் ஆகியும் முழுதாக இறங்கவில்லை. பாலில் கலந்தால் இரண்டும் கலந்து வருகிறது, கூடவே கொழுப்பும் சேர்ந்து வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது. வேகமாக ஏறினால்தான் தசை வளரும் என்று சிலர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நாள் முழுக்கச் சேர்கிற மொத்தப் புரதம்தான் முக்கியம். ஆனால் பசி விஷயத்தில் இந்த வித்தியாசம் உண்மையாகவே தெரியும்.

அண்ணனுக்கு அது பத்து மணிக்குத் தெரிந்தது. கடைக்குப் பக்கத்து டீக்கடையில் உளுந்து வடை போடுகிற நேரம். முட்டையை மறந்து வெறும் ஷேக்கோடு போன இரண்டு நாளும் இரண்டு வடை, ஒரு டீ. பாலை நிறுத்தி மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. முட்டையோடு போன நாட்களில் மதியம் வரை தாங்கியது. ஆகவே எடை குறைக்கத் தண்ணீரில் கலக்கிறவர்கள் அதைத் தனியாகக் குடித்துவிட்டு நிறுத்தாதீர்கள். கூடவே மெல்லுகிற மாதிரி ஒன்று இருக்கட்டும். முட்டை ஆகாதவர்களுக்கு அவித்த கொண்டைக்கடலையோ முளைகட்டிய பயறோ ஒரு கைப்பிடி போதும்.

ருசிக் குறையையும் எளிதாகச் சரிசெய்யலாம். தண்ணீரைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். கால் லிட்டருக்குப் பதில் 180 மில்லி, நன்றாகக் குளிர்ந்த தண்ணீர். சாக்லேட் பவுடர் என்றால் ஒரு சிட்டிகை உப்பு. தண்ணீரும் நல்லதாக இருக்க வேண்டும். போர் தண்ணீரின் உப்புக் கரிப்பு பவுடரின் இனிப்போடு சேர்ந்தால் வாயில் வைக்க முடியாது. சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊருக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர் என்கிற வரிசையையும் மாற்றாதீர்கள். பவுடரை முதலில் போட்டால் அடியில் பிசினாக ஒட்டிக்கொண்டு, 24 கிராமில் கொஞ்சம் ஷேக்கரைக் கழுவுகிற தண்ணீரோடு போய்விடும்.

இனித் தம்பி. அவனுக்கு நண்பர்கள் சொல்லிக் கொடுத்தது, "தண்ணியில போட்டாத்தான்டா கட் வரும்." 52 கிலோவில் வெட்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? அவனுடைய குறை புரதத்தில் மட்டும் இல்லை, மொத்தச் சாப்பாட்டிலேயே இருந்தது. காலையில் இரண்டு இட்லி, மதியம் டிபன் பாக்ஸில் பாதி திரும்பி வரும், இரவில் வீட்டில் என்ன இருக்கிறதோ அதில் கொஞ்சம். இப்படிப்பட்டவனுக்கு 120 கலோரி ஷேக் கொடுத்தால் உடம்பு அந்தப் புரதத்தையும் அன்றாடச் செலவுக்கே எரித்துவிடும். தசை கட்ட மிஞ்சாது.

அண்ணனுக்கு வேண்டாத அதே கலோரி இவனுக்கு வேண்டும். அதுவும் மென்று சாப்பிடச் சோம்பல் படுகிற பையனுக்குக் குடிக்கிற கலோரி ஒரு வசதி. ஆரஞ்சு பாக்கெட் பால் கால் லிட்டர், ஒரு ஸ்கூப், 345 கலோரி, 32 கிராம் புரதம். தண்ணீரிலிருந்து பாலுக்கு மாறியதிலேயே நாளைக்கு 225 கலோரி கூடுகிறது. கூடவே 300 மில்லிகிராம் கால்சியம், ஒரு நாளைக்குத் தேவையான 1000 மில்லிகிராமில் அது நல்ல பங்கு. தண்ணீர்க்காரர்கள் அதைத் தயிரிலோ கேழ்வரகிலோ தேடிக்கொள்ள வேண்டும்.

ஆனால் நான்காம் நாளே வந்து நின்றான். பத்து மணி வகுப்பில் வயிறு உப்பி, கடமுடா என்று சத்தம், இரண்டு தடவை எழுந்து போக வேண்டியிருந்ததாம். பவுடர் போலியோ என்று அவனுக்குச் சந்தேகம். எனக்குச் சந்தேகம் பால் சர்க்கரை மேல். கான்சென்ட்ரேட் பவுடரில் ஒரு ஸ்கூப்புக்கு 1 முதல் 3 கிராம் வரை லாக்டோஸ் இருக்கும். கால் லிட்டர் பாலில் 12 கிராம். தண்ணீரில் குடித்தபோது ஒன்றும் ஆகாதவனுக்குப் பாலில் குடித்ததும் வருகிறதென்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிகிறது. பெரியவர்களான பிறகு லாக்டோஸைச் செரிக்கிற நொதி குறைந்துபோவது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். காபியில் ஊற்றுகிற ஐம்பது மில்லிப் பாலில் அது வெளியே தெரியாது. கால் லிட்டரை வெறும் வயிற்றில் மடமடவென்று குடித்தால் தெரிந்துவிடும்.

ஊகத்தோடு விடாமல் பார்த்துவிடச் சொன்னேன். கல்லூரி இல்லாத ஒரு நாள் காலையில் பவுடர் எதுவும் போடாமல் கால் லிட்டர் பால் மட்டும், வெறும் வயிற்றில். அரை மணியிலிருந்து நாலு மணி நேரம் வரை வயிற்றைக் கவனிக்க வேண்டும். இன்னொரு நாள் பால் இல்லாமல் பவுடரும் தண்ணீரும் மட்டும். பால் குடித்த அன்றைக்கு மட்டும் உப்பியது. பவுடர் மேல் பழி இல்லை. இதுவே இரண்டு நாளும் உப்பியிருந்தால் பவுடரையும் மாற்ற வேண்டும். லாக்டோஸ் மிகக் குறைவாக உள்ள ஐசோலேட் வகைக்குப் போகலாம், விலை கூடுதல். பவுடர் அன்றைக்கு மட்டும் உப்பினால் அதில் போட்டிருக்கிற இனிப்பூட்டிகளையும் கெட்டிப்படுத்துகிற பசைகளையும் சந்தேகப்பட வேண்டும்.

பாலை ஒரேயடியாக நிறுத்த வேண்டியிருக்கவில்லை. நொதி குறைந்தவர்கள் பலரும் கொஞ்சம் கொஞ்சமாக, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் தாங்கிக்கொள்கிறார்கள். வெறும் வயிற்றில் குடிப்பதை நிறுத்தி இட்லி சாப்பிட்டபிறகு குடிக்கச் சொன்னேன். முதல் இரண்டு வாரம் 125 மில்லி பால், 125 மில்லி தண்ணீர், ஒரு ஸ்கூப். 230 கலோரிக்குக் கொஞ்சம் மேல், புரதம் 28 கிராம். ஒன்றும் செய்யவில்லை. அடுத்து 180 மில்லி பால். அதுவும் தாங்கியது. அதோடு நிறுத்திக்கொண்டான், மீதிக் கலோரிக்கு ஒரு பிடி வேர்க்கடலை. பாதிப் பால், பாதித் தண்ணீர் என்பதும் ஒரு வழிதான். ஏதோ இரண்டு கட்சிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது போல இதைப் பேச வேண்டியதே இல்லை.

பாலில் கலக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். சூடான பாலில் பவுடரைப் போடாதீர்கள். அப்பத்தா ஒரு நாள் கொதித்து இறக்கின பாலில் நேரே கொட்டிவிட்டார். ரப்பர் துணுக்குகள் மாதிரி திரித்திரியாகத் திரண்டு நின்றது, "கெட்டுப்போன பவுடரு" என்று ஊற்றிவிட்டார். கெட்டுப்போகவில்லை. வே புரதம் 70 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் உருமாறித் திரளும், முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி. புரதச் சத்து போய்விடுவதில்லை, குடிக்கத்தான் முடியாது. காய்ச்சி, விரல் வைத்தால் வெதுவெதுப்புக்கும் கீழே ஆறினபிறகு கலக்கலாம்.

இரண்டாவது வெயில். சித்திரை, வைகாசியில் பாலில் கலந்த ஷேக்கரைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜிம்முக்கு வருகிறவர்களை நான் தடுத்துவிடுவேன். நம்மூர் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த பால் ஷேக்கை நம்பிக் குடிக்கக் கூடாது. மூடியைத் திறக்கும்போது புஸ் என்று காற்று வந்தாலோ புளிப்பு வாடை அடித்தாலோ ஊற்றிவிடுங்கள். ஆனால் வாடை வரவில்லை என்பதை மட்டும் வைத்து நல்லது என்றும் நினைக்க வேண்டாம். வெளியே எடுத்துப்போகிறவர்களுக்குத் தண்ணீர்தான் சுலபம்: உலர்ந்த ஷேக்கரில் பவுடர் மட்டும், தண்ணீர் தனி பாட்டிலில். குடிக்கிற நேரத்தில் தண்ணீரை ஊற்றிக் கொஞ்சம் கூடுதல் நேரம் குலுக்கினால் அடியில் ஒட்டியதும் கரைந்துவிடும்.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்கள் புரதத்தின் அளவையே மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாலில் கலந்தால் அந்த 12 கிராம் பால் சர்க்கரையைக் காலைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் 84 கிலோவில் வந்து நின்றார். பெரிய இறக்கம் இல்லைதான், ஆனால் நாளைக்கு 260 கலோரி குறைத்தவருக்கு இரண்டு மாதத்தில் இவ்வளவுதான் இறங்கும். வேகம் வேண்டுமென்றால் சாப்பாட்டில் இன்னொரு இடத்தில் கை வைக்க வேண்டும், ஷேக்கில் இனிக் குறைக்க எதுவும் இல்லை. தம்பி மூன்று மாதத்தில் 54 தொட்டான். அப்பத்தா இப்போது சுண்டின பாலைச் சின்னவனுக்கும், ஆடையைத் தயிர்ச் சட்டிக்கும் ஒதுக்கிவிட்டார். பெரியவனுக்குப் பானைத் தண்ணீர்.

போன மார்கழிக் கடைசியில் அண்ணன் மறுபடி கேட்டார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கப் போகிறார், குன்றக்குடியிலிருந்து காவடியோடு போகிற கூட்டத்தில். "பவுடரை எடுத்துக்கிட்டுப் போறேன் மாஸ்டர். அங்கேயும் தண்ணியில்தானா?" நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் நடக்கிறபோது உடம்பு ஆயிரம் கலோரிக்கு மேல் கூடுதலாகச் செலவழிக்கும். அந்த ஒரு வாரம் எடையைப் பற்றிப் பேச்சே கிடையாது, கால் தாங்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒன்றாகப் பவுடரைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். இரவு தங்குகிற ஊரில் ஒரு பாக்கெட் பால் வாங்கி, காய்ச்சி ஆறவைத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் அதில் கலந்து குடிக்கச் சொன்னேன். பகலில் நடக்கிற வழியில் தண்ணீர்.